மௌனம் சம்மதமாகாத ராஜினாமா

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது ஊர் வழக்கு. மத்திய அரசின் பணி விதிகளில் இந்த வழக்கு ஓரிடத்தில் செல்லும், இன்னோரிடத்தில் செல்லாது. இருபது ஆண்டு பணி முடித்த ஊழியர் ஒருவர் மூன்று மாத அறிவிப்புக் கொடுத்து விருப்ப ஓய்வு கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அனுமதி மறுப்பதாக இருந்தால், அந்தக் கெடு முடிவதற்குள் நியமன அதிகாரி மறுத்தாக வேண்டும். மறுக்கவில்லையெனில், கெடு முடிந்த நாளில் ஓய்வு தானாகவே நடைமுறைக்கு வந்துவிடும். அதே அறையில், அடுத்த மேஜையில், பதினைந்து ஆண்டு பணி முடித்த இன்னொருவர் ராஜினாமா கடிதம் கொடுக்கிறார். அவருக்கு எத்தனை நாளில் பதில் சொல்ல வேண்டும் என்று எந்தக் கெடுவும் விதிக்கப்படவில்லை. பதில் வராதவரை, எத்தனை மாதங்கள் கடந்தாலும், அவர் அரசு ஊழியரே.

தனியார் நிறுவனத்தில் வேலை கிடைத்து அரசுப் பணியிலிருந்து விலக நினைப்பவர்களுக்கு இந்த வேறுபாடு ஏட்டளவிலான செய்தி அல்ல. தனியார் நிறுவனம் முப்பது நாள்களிலோ அறுபது நாள்களிலோ வந்து சேரும்படி கேட்கிறது. முந்தைய அலுவலகத்தின் பணிவிடுவிப்பு ஆணையையும் கேட்கிறது. அந்த ஆணையைத் தர வேண்டிய அரசுக்கோ கெடு எதுவும் இல்லை. இந்த இடைவெளியில்தான் பலருடைய வாழ்க்கை சிக்கிக்கொள்கிறது.

விண்ணப்பிக்கும் முன்பே ராஜினாமா

சிக்கல் ராஜினாமா கடிதத்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. மத்தியக் குடிமைப் பணி நடத்தை விதிகள் 1964-இல் வந்தவை. அவற்றின் 15-ஆவது விதி, முன் அனுமதி இல்லாமல் அரசு ஊழியர் வேறு எந்த வேலையையும் ஏற்கக் கூடாது என்கிறது. வேறு வேலைக்காகப் பேச்சு நடத்துவதற்கும் அதே விதியில் தடை உண்டு. அதாவது, தனியார் நிறுவனத்தின் நேர்முகத் தேர்வுக்குச் சென்று சம்பளம் பற்றிப் பேசுவதே, அனுமதி இல்லையென்றால், நடத்தை விதி மீறலாகக் கருதப்படலாம்.

அனுமதி கேட்டால் கிடைக்குமா? வேறு அரசுப் பணிக்கு விண்ணப்பிப்பவருக்கு "உரிய வழி" என்ற ஒன்று உண்டு. விண்ணப்பத்தைத் துறையின் மூலமாக அனுப்பலாம். தனியாருக்கு விண்ணப்பிப்பவருக்கு அந்த வழி இல்லை. விண்ணப்பங்களை அனுப்புவது தொடர்பான பழைய ஆணைகளைப் பணியாளர் மற்றும் பயிற்சித் துறை 2013 டிசம்பரில் ஒரே குறிப்பாணையாகத் தொகுத்து வெளியிட்டது. தனியார் வேலைக்கு விண்ணப்பிக்க விரும்பும் ஊழியர், விண்ணப்பிப்பதற்கு முன்பாகவே ராஜினாமாவையோ ஓய்வுக் கோரிக்கையையோ அளித்துவிட வேண்டும் என்று அது கூறுகிறது. தற்காலிக ஊழியருக்கும் இது பொருந்தும். ராஜினாமா ஏற்கப்படாமல் போனால் தனக்குக் கஷ்டம் இழைக்கப்பட்டதாக அவர் முறையிட முடியாது என்றும் அதே குறிப்பாணை சொல்கிறது. பணியில் இருக்கும்வரை ஊழியரின் சேவை அரசுக்கு உரியது. அதைத் தனியார் முதலாளிக்கு விட்டுக்கொடுக்க மறுக்கும் உரிமை அரசுக்கு உண்டு என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம்.

இதை நடைமுறையில் வைத்துப் பார்த்தால், புது வீடு கிடைக்குமா என்று விசாரிப்பதற்கு முன்பே இருக்கும் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும் என்றாகிறது. காலி செய்யவும் உரிமையாளர் சம்மதிக்க வேண்டும். குடும்பப் பொறுப்புள்ள எவரும் இப்படிச் செய்ய மாட்டார். ஆகவே பெரும்பாலோர் வேறு வழியை நாடுகிறார்கள். யாருக்கும் சொல்லாமல் நேர்முகத் தேர்வுக்குச் செல்கிறார்கள். நியமனக் கடிதம் கைக்கு வந்த பிறகு, "சொந்தக் காரணங்களுக்காக" விலகுவதாக ஒரு வரி எழுதிக் கொடுக்கிறார்கள். மேலதிகாரிக்கும் உண்மை தெரியும். எழுதிக் கொடுத்தவருக்கும் தெரியும். விதி கேட்பது வெளிப்படைத்தன்மையை. விதியால் கிடைப்பது ஒளிவுமறைவு.

இந்த ஒளிவுமறைவு வெறும் சம்பிரதாயப் பிழையாக முடிந்துவிடுவதில்லை. ஒப்பந்தப்புள்ளிகளைப் பரிசீலிக்கும் அதிகாரி, அதே ஒப்பந்தத்துக்குப் போட்டியிடும் நிறுவனத்தில் ரகசியமாக வேலை பேசிக்கொண்டிருக்கலாம். அது வெளியே தெரிய வழியே இல்லை. நியாயமாகப் பார்த்தால், தடுக்கப்பட வேண்டியது இந்த ஆபத்துத்தான். விண்ணப்பத்துக்கு முன்பே ராஜினாமா என்று கேட்கும் விதி, இந்த ஆபத்தைத் தடுப்பதற்குப் பதிலாக மறைத்து வைக்கிறது.

'லியன்' யாருக்கு உண்டு?

தனியாருக்குப் போகிறவர்களிடையே அடிக்கடி காணப்படும் ஒரு தவறான நம்பிக்கை, இரண்டு ஆண்டுகளுக்குத் தங்கள் பணியிடம் காத்திருக்கும் என்பது. அலுவலக வழக்கில் 'லியன்' எனப்படும் பணியிட உரிமையே இந்த நம்பிக்கைக்கு மூலம். முறையாக நியமிக்கப்பட்டுத் தகுதிகாண் பருவம் முடித்த ஊழியர், உடனடியாகவோ ஒரு காலம் விலகியிருந்த பிறகோ, தமது பணியிடத்தை மீண்டும் வகிக்கும் உரிமையே லியன்.

நிரந்தர ஊழியர் ஒருவர் உரிய வழியில் விண்ணப்பித்து இன்னொரு மத்திய அரசுத் துறைக்கோ மாநில அரசுக்கோ தேர்வானால், பழைய துறையில் அவருடைய லியன் இரண்டு ஆண்டுகளுக்குக் காக்கப்படும். விதிவிலக்கான நிலைகளில் மூன்று ஆண்டுகள் வரை நீளும். புதிய இடம் ஒத்துவராவிட்டால் அந்தக் காலத்துக்குள் திரும்பிவிடலாம். அப்படிப் போகிறவர் கொடுப்பதும் ராஜினாமாவே. ஆனால் அது 'டெக்னிக்கல் ராஜினாமா' என்று கருதப்படும். முந்தைய பணிக்காலம் அழியாது. விடுப்புக் கணக்கும் கூடவே செல்லும். இதற்கான விளக்கங்கள் அனைத்தையும் 2016 ஆகஸ்டில் வெளியான ஒரு குறிப்பாணையில் தொகுத்துத் தந்திருக்கிறார்கள்.

இவை எவையும் தனியார் வேலைக்குப் பொருந்தாது. லியன் இல்லை, டெக்னிக்கல் ராஜினாமாவும் இல்லை. சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு தனியாரில் ஓராண்டு வேலை பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. விடுப்பில் இருக்கும்போதும் முன் அனுமதி இல்லாமல் வேறு வேலை பார்க்கக் கூடாது என்று 1972-ஆம் ஆண்டின் விடுப்பு விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. புதிய நிறுவனத்தில் வருங்கால வைப்பு நிதிக் கணக்கு தொடங்கும் நாளும், வருமான வரிப் பிடித்தம் பதிவாகும் நாளும் பின்னர் சாட்சிகளாக நிற்கும்.

திரும்பும் வழி அடைபட்டிருப்பதை இன்னொரு விதி மேலும் உறுதி செய்கிறது. ராஜினாமா செய்து விலகியவர், சூழ்நிலை மாறியதால் ராஜினாமாவைத் திரும்பப் பெற விரும்பினால், பொதுநலன் கருதி நியமன அதிகாரி அனுமதிக்கலாம். விலகியதற்கும் மீண்டும் பணியில் சேருவதற்கும் இடைப்பட்ட காலம் தொண்ணூறு நாள்களைத் தாண்டக் கூடாது. பணியிடமும் காலியாக இருக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டின் ஓய்வூதிய விதிகளில் 26-ஆவது விதி தந்த சலுகை இது. தனியார் வணிக நிறுவனத்தில் சேருவதற்காக ராஜினாமா செய்தவருக்கு இந்தச் சலுகை கிடையாது என்றும் அதே விதி கூறியது. அரசு நிறுவனங்களில் சேருவதற்காக ராஜினாமா செய்தவர்களுக்கும் அதே நிலைதான். ராஜினாமா செய்தால் முந்தைய பணிக்காலம் பறிபோகும் என்ற அடிப்படைக் கொள்கை, 2021-இல் வந்த புதிய ஓய்வூதிய விதிகளிலும் தொடர்கிறது.

லியன் மறுக்கப்படுவதில் தவறில்லை. தனியார் முதலாளியிடம் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கும் ஒருவருக்காக மக்களின் வரிப்பணத்தில் உருவான பணியிடத்தைக் காலியாக வைத்திருப்பது நியாயமாகாது. அரசு நாற்காலியில் ஒரு கையும் நிறுவன நாற்காலியில் ஒரு கையும் வைத்திருப்பவரால் இரு இடங்களுக்குமே உண்மையாக இருக்க முடியாது. ஆனால் "திரும்பி வர முடியாது" என்று சொல்கிற அரசு, "போகலாமா, கூடாதா" என்பதையாவது காலத்தில் சொல்ல வேண்டும் அல்லவா?

கடிதத்திலிருந்து விடுவிப்பு வரை

ராஜினாமா எப்படிக் கையாளப்பட வேண்டும் என்பதற்கு 1988 பிப்ரவரி 11-ஆம் தேதியிட்ட குறிப்பாணையே அடிப்படை. கடிதம் தெளிவாகவும் நிபந்தனை எதுவும் இல்லாமலும் இருக்க வேண்டும். "என் கோரிக்கை ஏற்கப்படாவிட்டால் விலகுகிறேன்" என்று எழுதினால் அது ராஜினாமாவே ஆகாது. விருப்பமில்லாத ஊழியரைப் பிடித்து வைத்திருப்பதில் அரசுக்கு நன்மை இல்லை. எனவே ராஜினாமாவை ஏற்பதே பொதுவான நடைமுறை என்று அந்தக் குறிப்பாணை ஒப்புக்கொள்கிறது. விலக்குகள் இரண்டு. ஊழியர் முக்கியமான பணியில் இருந்து, மாற்று ஏற்பாட்டுக்குக் காலம் தேவைப்பட்டால் உடனே ஏற்காமல் இருக்கலாம். ஊழியர் இடைநீக்கத்தில் இருந்தால், அவர் மீதான ஒழுங்கு நடவடிக்கையின் தன்மையைப் பார்த்து முடிவு செய்யலாம்.

கடிதம் நியமன அதிகாரியிடம் போவதற்குள் அது பல மேஜைகளைக் கடக்கிறது. ஊழியர் மீது புகாரோ விசாரணையோ நிலுவையில் இல்லை என்று கண்காணிப்புப் பிரிவு சான்று தர வேண்டும். வீட்டுக் கடன் போன்ற முன்பணங்கள் பாக்கி உண்டா என்று கணக்குப் பிரிவு பார்க்க வேண்டும். படிப்பு விடுப்பில் சென்று திரும்பியவர் மூன்று ஆண்டுகளுக்குள் விலகினால், விடுப்புச் சம்பளத்தையும் படிப்புக்காக அரசு செய்த செலவையும் வட்டியுடன் திருப்பித் தர வேண்டும். அதற்கான உறுதிப் பத்திரம் கோப்பில் இருக்கிறதா என்று தேட வேண்டும். நூலகப் புத்தகம், அடையாள அட்டை, மருத்துவத் திட்ட அட்டை, மடிக்கணினி எல்லாவற்றுக்கும் நிலுவையின்மைச் சான்று உண்டு. அரசுக் குடியிருப்பில் இருப்பவர், ராஜினாமாவுக்குப் பின் ஒரு மாதமே அங்கே தங்கலாம்.

ஏற்பு ஆணை வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. 1988 குறிப்பாணையின்படி, ராஜினாமா ஏற்கப்பட்டு, ஊழியர் பணியிலிருந்து விடுவிக்கப்படும் நாளில்தான் அது நடைமுறைக்கு வருகிறது. இந்த இரண்டு படிகளின் நடுவே ஊழியருக்கு ஒரு பாதுகாப்பும் உண்டு. ஏற்பதற்கு முன் அவர் கடிதத்தைத் திரும்பப் பெற்றால், ராஜினாமா தானாகவே இல்லாமல் போகும். ஏற்கப்பட்டு, விடுவிக்கப்படாத நிலையில் திரும்பப் பெற விரும்பினால், பொதுவாக அனுமதிப்பதே முறை. மறுத்தால் காரணத்தைப் பதிவு செய்து தெரிவிக்க வேண்டும்.

இந்தத் தெளிவு எளிதில் கிடைத்ததல்ல. ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரி 1964-இல் ராஜினாமா செய்தார். அது ஏற்கப்பட்ட பின், ஏற்பு ஆணை தம் கைக்கு வருவதற்கு முன், அதைத் திரும்பப் பெற முயன்றார். ஏற்ற நாளிலேயே பணி முடிந்துவிட்டது என்று 1968-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த அளவுக்கு நாள்கள் கணக்கில் வருகின்றன. ஊழியர் விஷயத்தில் ஒவ்வொரு நாளையும் எண்ணும் விதிகள், அரசு எடுத்துக்கொள்ளும் நாள்களை மட்டும் எண்ண மறுக்கின்றன.

ஆறு மாதத்தின் விலை

ஒரு கற்பனை எடுத்துக்காட்டைக் கொண்டு பார்த்தால் இதன் கனம் புரியும். தில்லியில் ஒரு தொழில்நுட்பத் துறையில் 2006 ஆகஸ்டில் சேர்ந்த அதிகாரி ஒருவர். 2004-க்குப் பின் சேர்ந்தவர் என்பதால் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் இருக்கிறார். 2026 பிப்ரவரியில் ஒரு தனியார் நிறுவனம் அவரை அழைக்கிறது. அன்று அவருடைய பணிக்காலம் பத்தொன்பதரை ஆண்டு. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து மாதம் 1,20,000 ரூபாய். ஓய்வூதியக் கணக்கில் 60 லட்சம் ரூபாய். ஈட்டிய விடுப்பு 240 நாள்.

அவர் ராஜினாமா செய்தால், 60 லட்சத்தில் 20 சதவீதமான 12 லட்சத்தை ரொக்கமாகப் பெறலாம். மீதி 48 லட்சத்துக்கு ஆண்டுத்தொகைத் திட்டம் வாங்க வேண்டும். அதுவும் ராஜினாமா நடைமுறைக்கு வந்து தொண்ணூறு நாள் கழிந்த பிறகே. பணத்தை எடுக்க விரும்பாவிட்டால், அதே கணக்கைத் தனிநபர் என்ற முறையில் தொடரலாம். பணிக்கொடை கிடையாது; முந்தைய பணிக்காலத்தோடு அதுவும் போய்விடும். ஈட்டிய விடுப்பில் பாதிக்கு மட்டுமே பணம் உண்டு. அதற்கும் 150 நாள் என்ற உச்சவரம்பு இருக்கிறது. அவருக்கு 120 நாளுக்கு 4.80 லட்சம் கிடைக்கும்.

இருபது ஆண்டு நிறையும்வரை ஆறு மாதம் பொறுத்து, பிறகு மூன்று மாத அறிவிப்புக் கொடுத்து விருப்ப ஓய்வில் சென்றால் கணக்கு மாறுகிறது. வயது முதிர்ந்து ஓய்வு பெறுபவருக்குரிய முறையில் 60 சதவீதம், அதாவது 36 லட்சம் ரூபாய், ரொக்கமாகக் கிடைக்கும். ஒவ்வோர் ஆறு மாதப் பணிக்கும் கால் மாதச் சம்பளம் என்ற கணக்கில், சுமார் பத்து மாதச் சம்பளமான 12 லட்சம் பணிக்கொடையாக வரும். விடுப்பு 240 நாளுக்கும் 9.60 லட்சம் கிடைக்கும். ஓய்வூதியக் கணக்கில் உள்ள பணம் எப்படியும் அவருடையதே என்று அதை ஒதுக்கிவிட்டாலும், பணிக்கொடையிலும் விடுப்புச் சம்பளத்திலும் மட்டும் ராஜினாமாவால் அவர் இழப்பது ஏறத்தாழ 17 லட்சம் ரூபாய். 2025 ஏப்ரலில் வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்துக்கு மாறியிருந்தாலும் ராஜினாமா செய்தவருக்கு அது உறுதியளிக்கும் ஓய்வூதியம் கிடையாது.

புதிய வேலையின் சம்பளம் இந்த இழப்பை ஈடுகட்டுமா என்பது அவர் எடுக்க வேண்டிய முடிவு. ஆனால் அந்த முடிவை எடுக்க அவருக்குத் தேதி தெரிய வேண்டும். விருப்ப ஓய்வு கேட்டால் கடைசி நாள் எது என்று முன்கூட்டியே சொல்லலாம். ராஜினாமா கேட்டால் சொல்ல முடியாது. குறைவாகப் பெற்றுக்கொண்டு போகிறவரையே அரசு அதிகமாகக் காக்க வைக்கிறது.

இருபது ஆண்டுக்கு மேல் பணியாற்றியவர்களுக்கு ஆபத்து ஒரு சொல்லில் ஒளிந்திருக்கிறது. "விருப்ப ஓய்வு" என்று எழுத வேண்டிய இடத்தில் "ராஜினாமா" என்று எழுதிவிட்டால், பிறகு எந்த நீதிமன்றத்தாலும் அதை மாற்ற முடிவதில்லை. தில்லி மின்வாரியத்தில் பணியாற்றி 1990-இல் ராஜினாமா செய்த ஓர் ஊழியரின் வழக்கில், 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்மானித்தது. இருபது ஆண்டு பணி நிறைந்திருந்தாலும் ராஜினாமா ராஜினாமாவே. அதை விருப்ப ஓய்வாகப் பொருள்கொண்டால் விதி அர்த்தமற்றதாகிவிடும் என்று கூறி, உயர் நீதிமன்றம் வழங்கிய ஓய்வூதியத்தை அது ரத்து செய்தது. எழுதும் நாளில் அருகில் இருந்து சொல்ல ஓர் அலுவலர் இல்லாததால், வாழ்நாள் ஓய்வூதியம் போய்விட்டது. ராஜினாமா கடிதத்தைப் பெறும் அலுவலகம், விருப்ப ஓய்வுக்குத் தகுதி இருப்பதை எழுத்து மூலம் தெரிவித்த பிறகே அதை ஏற்க வேண்டும் என்று ஒரு வரி விதியில் இருந்தால் இத்தகைய வழக்குகளே எழாது.

பதில் வராத கடிதங்கள்

கெடு இல்லாத அதிகாரம் எப்படிப் பயன்படும் என்பதற்கு நாடறிந்த எடுத்துக்காட்டுகள் உண்டு. அவை தனியார் வேலைக்காகச் செய்யப்பட்ட ராஜினாமாக்கள் அல்ல. அகில இந்தியப் பணிகளுக்கு விதிகளும் தனி. ஆனாலும் கெடு இல்லாமை என்ற குறை இரண்டுக்கும் பொது. கண்ணன் கோபிநாதன் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி 2019 ஆகஸ்டில் ராஜினாமா செய்தார். காஷ்மீரில் விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகளைக் கண்டித்து விலகியவர் அவர். ராஜினாமா ஏற்கப்படவில்லை. 2020 ஏப்ரலில், கொரோனா காலத்தில், பணிக்குத் திரும்பும்படி அவருக்கு ஆணை வந்தது. ஆண்டுகள் உருண்டன, 2025 அக்டோபரில் அவர் காங்கிரஸ் கட்சியில் சேர்ந்தார். அதே 2019-இல், ஜனவரியில் ராஜினாமா செய்தவர் காஷ்மீரைச் சேர்ந்த ஷா ஃபைசல். அவருடைய கடிதமும் ஏற்கப்படாமலேயே கிடந்தது. இடையில் அவர் ஒரு கட்சியைத் தொடங்கி, அதிலிருந்து விலகினார். ராஜினாமாவைத் திரும்பப் பெற்று 2022-இல் மீண்டும் பணியில் சேர்ந்தார்.

ஒரே ஆண்டில் வந்த இரண்டு கடிதங்களும் கோப்பில் கிடந்தன. ஒருவருக்கு அந்த மௌனம் தளையாயிற்று. இன்னொருவருக்குத் திரும்பும் பாதையாயிற்று. இரண்டில் எது சரி, எது தவறு என்பதல்ல கேள்வி. எந்த முடிவையும் எடுக்காமல் இருப்பதன் மூலமே ஒருவரின் வாழ்வைத் தீர்மானிக்கும் அதிகாரம் அரசிடம் இருக்கலாமா என்பதே கேள்வி. பெயர் தெரிந்த அதிகாரிகளுக்குப் பத்திரிகைகள் இருக்கின்றன. ஒரு பிரிவு அலுவலகத்தின் இளநிலைப் பொறியாளருக்கோ கணக்கருக்கோ யார் இருக்கிறார்கள்?

காத்திருக்க முடியாதவர்கள், கடிதம் கொடுத்துவிட்டோமே என்ற தைரியத்தில், புதிய இடத்தில் சேர்ந்துவிடுவதும் உண்டு. இதைவிடப் பெரிய தவறு இல்லை. ஏற்கப்படாத ராஜினாமாவோடு அலுவலகம் வராமல் இருப்பது அனுமதியற்ற விடுப்பு. அதற்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வரும், விசாரணை வரும், முடிவில் பணிநீக்கம்கூட வரலாம். தாமாக விலகப் போனவர், நீக்கப்பட்டவர் என்ற பெயருடன் வெளியேற நேரும்.

செய்ய வேண்டியவை

அரசுத் தரப்புக்கும் வாதம் உண்டு. விசாரணையில் சிக்கப் போகிறவர் ராஜினாமா என்ற பின்வாசல் வழியே தப்பிவிடக் கூடாது. அரசின் செலவில் பயிற்சி பெற்றவர் மறுநாளே கிளம்பிவிடக் கூடாது. பதவியில் இருந்தபோது அறிந்த ரகசியங்களைத் தனியாருக்கு விற்றுவிடக் கூடாது. மூன்றும் நியாயமான கவலைகள். ஆனால் இவற்றில் எதுவும் கெடு இல்லாத மௌனத்தை நியாயப்படுத்தவில்லை. விசாரணை நிலுவையில் இருந்தால், அந்தக் காரணத்தைச் சொல்லி மறுக்கலாம். பயிற்சிக்கு உறுதிப் பத்திரம் இருக்கிறது.

மூன்றாவது கவலைக்கு இப்போதுள்ள விதியே சரியான விடை தரவில்லை. 'ஏ' பிரிவு அதிகாரி ஒருவர் ஓய்வு பெற்ற ஓராண்டுக்குள் வணிக நிறுவனத்தில் சேர அரசின் அனுமதி பெற வேண்டும். முன்பு இரண்டு ஆண்டாக இருந்த இந்தக் காலம் பின்னர் ஓராண்டாகக் குறைக்கப்பட்டது. மீறினால் ஓய்வூதியம் நிறுத்தப்படலாம். இந்த விதி ஓய்வூதியம் பெறுபவரைக் குறித்தே எழுதப்பட்டது. ராஜினாமா செய்தவருக்கு நிறுத்துவதற்கு ஓய்வூதியமே இல்லை. கோப்பில் கையெழுத்திட்ட கையோடு அதே நிறுவனத்துக்குப் போகிற நாற்பது வயது அதிகாரியை இது தொடுவதில்லை. அறுபது வயதில் ஓய்வு பெற்று ஆலோசகராகப் போகிறவரை மட்டுமே தொடுகிறது.

எதிர்த் திசையில் என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். தனியார் துறையினரை நேரடியாக இணைச் செயலாளர் நிலையில் ஒப்பந்த முறையில் அமர்த்த 2018-இல் மத்திய அரசு பத்து பணியிடங்களை விளம்பரம் செய்தது. 2024 ஆகஸ்டில் 45 பணியிடங்களுக்கு வந்த விளம்பரம், இடஒதுக்கீடு பற்றிய எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெறப்பட்டது. அந்த முறை சரியா, தவறா என்ற விவாதம் தனி. ஆனால் தனியாரிலிருந்து அரசுக்கு வருவதற்கு விளம்பரமும் ஒப்பந்தமும் காலவரையறையும் வகுக்கத் தெரிந்த அரசுக்கு, அரசிலிருந்து தனியாருக்குப் போகிறவருக்கு ஒரு தேதி வகுக்கத் தெரியாதா?

தேவைப்படுபவை மூன்று மாற்றங்கள். முதலாவது கெடு. விருப்ப ஓய்வுக்கு இருப்பதுபோலவே ராஜினாமாவுக்கும் மூன்று மாதம் விதிக்கலாம். அதற்குள், 1988 குறிப்பாணை அனுமதிக்கும் காரணங்களில் ஒன்றை எழுத்தில் தெரிவித்து மறுக்காவிட்டால், ராஜினாமா ஏற்கப்பட்டதாகவே கொள்ள வேண்டும். நிலுவைப் பணத்தைப் பின்னர் வசூலிக்க அரசுக்கு வழிகள் உண்டு. அதற்காக மனிதரைப் பிடித்து வைக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, விண்ணப்பத்துக்கு முன் ராஜினாமா என்பதற்குப் பதிலாக, விண்ணப்பத்துக்கு முன் அறிவிப்பு. எந்த நிறுவனத்திடம் வேலை கேட்கிறார் என்பதை ஊழியர் எழுதிக் கொடுக்கட்டும். அன்று முதல் அந்த நிறுவனம் தொடர்பான கோப்புகள் எவையும் அவர் மேஜைக்கு வரக் கூடாது. மறைத்தால் தண்டனை கடுமையாக இருக்கட்டும். நேர்மையாக இருப்பவர் வேலையை இழக்க வேண்டும் என்று சொல்லாத விதியைத்தான் மக்கள் பின்பற்றுவார்கள்.

மூன்றாவது, பதவியில் இருந்தபோது நேரடி அலுவல் தொடர்பு கொண்டிருந்த நிறுவனத்தில் சேருவதற்கான ஓராண்டுத் தடையை ராஜினாமா செய்பவருக்கும் விரிவுபடுத்துவது. அந்தத் தடையை மீறினால் என்ன தண்டனை என்பதை ஏற்பு ஆணையிலேயே எழுதிவிடலாம்.

இவற்றுக்கு நாடாளுமன்றத்தில் புதிய சட்டம் கொண்டுவர வேண்டியதில்லை. பணி விதிகள் அரசியல் சாசனத்தின் 309-ஆவது பிரிவு தரும் அதிகாரத்தில் அரசே வகுப்பவை. குறிப்பாணைகளோ துறையின் ஒரு கையெழுத்தில் மாறக்கூடியவை. அரசியல் சாசனத்தின் கீழ் வகுக்கப்படும் விதிகளையும் ஆராயும் பொறுப்பு மக்களவையின் துணைநிலைச் சட்டங்களுக்கான குழுவுக்கு உண்டு. ஓய்வூதியத்தைப் பற்றி ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் கேள்வி எழுப்பும் உறுப்பினர்கள், ஓய்வூதியத்தையே விட்டுவிட்டுப் போகிறவர்களைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்கலாம்: ராஜினாமா கடிதங்கள் எத்தனை மாதமாக, எந்தெந்த அமைச்சகங்களில், என்ன காரணத்துக்காகக் கிடக்கின்றன?

அரசுப் பணி என்பது ஒப்பந்தத்தைவிட உயர்ந்த ஓர் உறவு என்று அரசு சொல்லிக்கொள்கிறது. அந்த உறவில் சேரும்போது ஊழியர் சேர வேண்டிய கடைசித் தேதியை நியமன ஆணையிலேயே அது குறிப்பிடுகிறது. தவறினால் நியமனம் ரத்தாகும் என்றும் எச்சரிக்கிறது. விலகும்போது அரசும் ஒரு கடைசித் தேதிக்குக் கட்டுப்பட வேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பதாகாது.